ஒரே சாயப் பிரிவு, இரண்டு கணக்கு: 18 லட்சம் நட்டமா, நட்டமே இல்லையா?

திருப்பூரில் கூலிக்குச் சாயம் போடும் ஒரு பிரிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாய் நிறுவனம் அமெரிக்காவில். அதனால் ஆண்டுக் கணக்கில் மெஷின்களின் மதிப்புக் குறைவை இந்தியாவுக்கு இந்த் ஏஎஸ் 36 என்ற கணக்கியல் தரநிலைப்படியும், அமெரிக்காவுக்கு ஏஎஸ்சி 360 என்ற தரநிலைப்படியும் சோதிக்க வேண்டும். மெஷின்களின் ஏட்டு மதிப்பு 100 லட்சம், மீதி ஆயுள் 4 வருடம். பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனதால், இனி வருடத்துக்கு 27 லட்சம்தான் ரொக்கமாகத் தேறும்.

அமெரிக்க முறை முதலில் வட்டியைக் கணக்கில் எடுக்காமல் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது. 27 லட்சம் வீதம் 4 வருடத்துக்கு 108 லட்சம். அது 100-ஐத் தாண்டுவதால் நட்டம் எழுத வேண்டியதில்லை, அத்தோடு சோதனை முடிந்தது.

இந்திய முறையில் நாளை வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்தாக வேண்டும். வரிக்கு முந்தைய வீதம் 12% என்றால் பயன்பாட்டு மதிப்பு 82 லட்சம். விற்றால் 80 லட்சம் கிடைக்கும், அதில் விற்பனைச் செலவு 3 லட்சம் போக 77. இரண்டில் எது அதிகமோ அதுதான் மீட்கத்தக்க தொகை, அதாவது 82. ஆகவே நட்டம் 18 லட்சம். பதிவு இப்படி:

```
மதிப்புக் குறைவு நட்டம்            பற்று  18,00,000
    திரண்ட மதிப்புக் குறைவு        வரவு   18,00,000
```

நட்டம் நேராக லாப நட்டக் கணக்குக்குப் போகும். மெஷின்களை ஏற்கெனவே மறுமதிப்பீடு செய்து உபரி வைத்திருந்தால் மட்டும், முதலில் அந்த உபரி கரையும். அடுத்த வருடத்திலிருந்து தேய்மானம் 25 லட்சத்துக்குப் பதில் 20.5 லட்சம்.

என் மனம் இந்திய முறைப் பக்கம்தான். 4 வருடம் கழித்து வரும் ரூபாயை இன்றைய ரூபாயாகவே எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்க முறையில் ஒரு செங்குத்துப் பள்ளமும் இருக்கிறது. வருட வரவு 24 லட்சமாகச் சரிந்தால் கூட்டுத்தொகை 96, உடனே நியாய மதிப்பான 80-க்கு இறக்கி 20 லட்சம் நட்டம் எழுத வேண்டும். 3 லட்ச வித்தியாசம் பூஜ்யத்தை 20 லட்சமாக்கிவிடுகிறது.

ஆனால் இந்திய முறையின் பலவீனம் அந்த 12 சதவீதத்தில் இருக்கிறது. 8% என்று போட்டால் பயன்பாட்டு மதிப்பு 89.4 லட்சமாகி, நட்டம் 10.6 லட்சமாகச் சுருங்கும். ஆகவே தணிக்கைக்குப் போனால் நான் முதலில் கேட்பது வீதத்துக்கான ஆதாரம்தான். அடுத்து, இனிமேல் வாங்கப்போகும் மெஷினால் கூடும் வருமானத்தை வரவில் நுழைத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். அது கூடாது.

ஆர்டர் திரும்பி வந்தால்? இந்திய முறையில் நட்டத்தைத் திருப்பி எழுத வேண்டும், நற்பெயர் மதிப்புக்கு மட்டும் அது கிடையாது. இரண்டு வருடம் கழித்து ஏட்டு மதிப்பு 41 லட்சம், மீட்கத்தக்க தொகை 60 லட்சம் என்றாலும் 50 வரைதான் ஏற்றலாம். நட்டமே எழுதாமல் இருந்திருந்தால் ஏட்டில் நின்றிருக்கும் தொகை அதுதான். ஆக 9 லட்சம் மட்டும் லாபத்தில் சேரும். அமெரிக்க முறையில், தொடர்ந்து பயன்படுத்தும் மெஷினுக்கு ஒருமுறை எழுதிய நட்டம் எழுதியதுதான்.