சுவர் தடித்த வீட்டில் டிவி பாக்ஸுக்கு வயரா, வைஃபையா?

எங்கள் ஊர் வீடு சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடு. சுவர் ஒன்றரை அடி. ரவுட்டர் முன்கட்டில், டிவி பின்கட்டில், நடுவில் இரண்டு சுவர்.

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பாக்ஸ் ஒரு நிமிடம் 20 எம்பிபிஎஸ் காட்டும், அடுத்த நிமிடம் 4. நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது 15தான். ஆக, 20 வரும்போது படம் ஓடுகிறது, இடையிடையே 4க்கு விழும் பள்ளங்களில்தான் நிற்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை இன்னும் நன்றாகத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் நெரிசலும் அதில்தான்.

வயர் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. பல பாக்ஸ்களில் இருப்பது 100 எம்பிபிஎஸ் போர்ட். அதனால் வேகம் 94க்கு மேல் காட்டாது. ரவுட்டருக்குப் பக்கத்தில் வைஃபை 200 காட்டுகிறதே என்று குழம்ப வேண்டாம், 94 நிலையாக நின்றால் ஓடிடி படத்துக்குத் தாராளம். கேட் 5இ வயர் 100 மீட்டர் வரை போகும். துளை போட வழியிருந்தால், கேசிங் பட்டியில் சுவரோரமாக இழுத்துவிடுங்கள். வேறு யோசனையே வேண்டாம்.

எங்கள் வீட்டுச் சுவரைத் துளைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. அப்புறம்தான் பவர்லைன் அடாப்டர். ஒன்றை ரவுட்டர் பக்கத்து பிளக்கில் செருகி ரவுட்டரோடு சிறு வயரால் இணைக்க வேண்டும், மற்றொன்றை டிவி பக்கம் செருகி பாக்ஸோடு இணைக்க வேண்டும். இடைப்பட்ட தூரத்தை வீட்டு மின்கம்பியே சுமக்கிறது.

செருகினோம், இணைப்பு விளக்கு எரியவில்லை. இரண்டையும் ஒரே அறையில் செருகியதும் எரிந்தது. அப்படியானால் அடாப்டர் நல்லதுதான், கோளாறு ஃபேஸில். எங்களுடையது த்ரீ ஃபேஸ் இணைப்பு, இரண்டு அடாப்டரும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தன. ஒரு ஃபேஸ் போகும்போது முன்கட்டோடு சேர்ந்து எந்த அறை இருளும் என்று அம்மாவுக்கு மனப்பாடம்: சமையலறை. அந்த அறை பிளக்கில் செருகி, அங்கிருந்து கதவு வழியாக டிவிக்கு வயர் இழுத்தோம். பெட்டியில் 1200 என்று அச்சிட்டிருந்தாலும் கிடைத்தது 45 சுற்றி. மிக்சி ஓடினால் 30க்கு இறங்கும், படம் நிற்காது.

அடாப்டரைச் சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டு, ஸ்பைக் கார்டு வழியாகப் போனால் சிக்னல் தேய்ந்துவிடும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இரண்டு பிளக்கும் இன்வெர்ட்டர் லைனிலேயே இருக்கட்டும். ஒன்று மட்டும் அதில் இருந்தால், கரண்ட் போனதும் மற்றது அணைந்து இணைப்பு அறுந்துவிடும்.

ஒரே ஒரு மெல்லிய சுவர்தான் குறுக்கே என்றால் இதில் எதுவும் தேவையில்லை, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே போதும்.