கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருந்த சீட்டு

ஐந்து வாரம் ஊரில் இருந்துவிட்டு டொராண்டோவுக்குத் திரும்பிய எனக்கு, திருச்சியில் ஒரு மருத்துவமனையில் என் அண்ணனின் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருந்த ஒரு துண்டுச் சீட்டுதான் இன்னும் கண்முன் நிற்கிறது. "வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது" என்று அதில் நீல மையில் எழுதியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்தச் சீட்டுக்கு 12 நாள் வயதாகியிருந்தது.

அண்ணனுக்கு அடிநாக்கில் புற்றுநோய். வாரத்துக்கு 5 நாளாக மொத்தம் 35 முறை கதிர்வீச்சு (ஊரில் "கரண்ட் வைப்பது" என்பார்கள்), கூடவே வாரம் ஒரு கீமோ. மூன்றாம் வாரத்தில் வாயும் தொண்டையும் வெந்து புண்ணாகி, தண்ணீர் குடிக்கும்போது இரண்டு முறை புரையேறியதால், 14ஆவது கதிர்வீச்சன்று மூக்குக் குழாய் போட்டிருந்தார்கள். அது சரியான முடிவு. எடை குறைந்திருந்தால், கதிர்வீச்சின்போது தலை அசையாமலிருக்க முகத்தில் மாட்டும் முகமூடியே தளர்ந்து, கதிர் விழும் இடம் பிசகியிருக்கும். அண்ணி 3 மணி நேரத்துக்கு ஒரு முறை அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, 200 மில்லி சத்துமாவுக் கஞ்சியைக் குழாயில் மெதுவாக இறக்கினார். அரை மணி நேரம் படுக்க விடவில்லை. அந்தப் பராமரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த 12 நாளில் அண்ணனின் தொண்டை ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட விழுங்கவில்லை. எச்சிலையும் விழுங்க வலித்ததால் பக்கத்தில் வைத்திருந்த டம்ளரில் துப்பிக்கொண்டிருந்தார்.

2017இல் என் கணவருக்கு டொராண்டோவில் டான்சில் புற்றுநோய்க்கு இதே சிகிச்சை நடந்தது. அங்கே கதிர்வீச்சு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே விழுங்கல் சிகிச்சையாளர் ஒருவரைப் பார்க்க எங்களை அனுப்பினார்கள். "குழாய் போட வேண்டி வரலாம், போட்டாலும் விழுங்குவதை மட்டும் நிறுத்தாதீர்கள்" என்பதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம். விழுங்குவது இருபதுக்கும் மேற்பட்ட தசைகள் ஒரே நொடியில் ஒழுங்காகச் செய்யும் வேலை. கட்டுப் போட்ட கால் மெலிவதுபோல, வேலை இல்லாவிட்டால் அவையும் மெலியும். கதிர்வீச்சு பட்ட தசை நார்போல் இறுகிக்கொண்டே வருவதால், சும்மா விட்ட தொண்டை இறுகிய நிலையிலேயே நின்றுவிடவும், உணவுக்குழாயின் மேல்வாய் சுருங்கிவிடவும் கூடும். புண் ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களில் சிலருக்குக் குழாயை எடுக்கவே முடியாமல் போவது இதனால்தான்.

எனவே அந்தச் சீட்டைப் பார்த்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. செவிலியரிடம் கேட்டேன். "குழாய் இருக்கும்போது வாயால் எதற்கம்மா? புரையேறினால் யார் பொறுப்பு?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பணி மருத்துவரிடம் கேட்டபோது, பெரிய டாக்டர் சொன்னது என்றார். பெரிய டாக்டருக்காக மூன்று நாள் காத்திருந்தேன், ஓ.பி. சீட்டு, டோக்கன், மூடிய கதவுக்கு முன் நெரியும் கூட்டம், இவற்றையெல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்பா இருந்த காலத்தில் இதே ஊரில், எங்கள் குடும்ப மருத்துவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் போதும், அவரே வெளியே வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்பார். அந்த நினைவோடு அந்த நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகை வந்தது. கடைசியில் பெரிய டாக்டர் கோப்பைப் புரட்டி, தான் எழுதியிருந்த வரியைக் காட்டினார்: "விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் வரை வாயால் வேண்டாம்." வரியின் முன்பாதியை யாரும் சீட்டில் எழுதவில்லை, பரிசோதனைக்கும் யாரும் அனுப்பவில்லை. ஒரே ஒரு நாளுக்கான உத்தரவு இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டுவிட்டது.

அந்தப் பரிசோதனையைச் செய்பவர் அதே கட்டடத்தில்தான் இருந்தார் என்பது எனக்குக் கோபத்தையும் நிம்மதியையும் ஒருசேரத் தந்தது. இரண்டாம் மாடிக் கோடியில், "செவித்திறன் பரிசோதனை" என்று மட்டும் பலகை மாட்டிய அறையில், செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வரும் இளம் பெண் அவர். நம் ஊரில் காது கேட்பதைச் சோதிப்பவரும் பேச்சும் விழுங்கலும் பார்ப்பவரும் பெரும்பாலும் ஒரே படிப்புப் படித்தவர்கள்தான், ஆனால் பலகை ஒன்றை மட்டுமே சொல்கிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் செய்ததை டொராண்டோவிலும் இதைவிட நன்றாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

முதலில் தேக்கரண்டியில் 5 மில்லி தண்ணீர் கொடுத்து, "ஐயா, இப்போது ஆ என்று சொல்லுங்கள்" என்று குரலைக் கேட்டார். தண்ணீர் குரல்வளைக்கு மேல் தேங்கினால் குரல் கொப்பளிப்பதுபோல் ஈரமாக ஒலிக்கும். ஆனால் கதிர்வீச்சில் உணர்வு மரத்துப்போன தொண்டையில் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வராமல் போகலாம் என்பதால், காதை மட்டும் நம்பாமல் மெல்லிய கேமராவை மூக்கு வழியே விட்டு, பச்சை நிறம் கலந்த தண்ணீரையும் பிறகு கெட்டிக் கூழையும் விழுங்கச் சொல்லித் திரையில் எங்களுக்கும் காட்டினார். தண்ணீர் சுத்தமாக இறங்கியது. கூழோ அடிநாக்குக்குப் பின்னால் உள்ள குழியில் பாதி அப்படியே தங்கிவிட்டது.

இங்குதான் நாங்கள் எல்லோரும் தவறாக நினைத்திருந்தோம். புரையேறுகிறவருக்குக் கெட்டியாகக் கொடுக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. விழுங்கும் செயல் தொடங்கத் தாமதமாகிறவர்களுக்கு அது பொருந்தும். அண்ணனுக்கு அடிநாக்கின் உந்தும் வலு குறைந்திருந்தது. அத்தகையவருக்குக் கெட்டியானது தொண்டையில் தங்கி, அடுத்த மூச்சோடு உள்ளே இழுபடும். அவருக்கு நீர்த்த உணவும், ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்குவதும்தான் பாதுகாப்பு. யாருக்கு எது என்பதைக் கேமராவோ பேரியம் எக்ஸ்ரேயோ பார்த்துத்தான் சொல்ல முடியும். இதைப் படித்துவிட்டு வீட்டில் தாமாக முயல வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பெண் மூன்று பயிற்சிகளை மட்டுமே கொடுத்தார். முதலாவது, தொண்டையில் ஒரு பெரிய மாத்திரை இருப்பதுபோல் எல்லாத் தசையையும் இறுக்கி அழுத்தமாக விழுங்குவது. இதைத் தண்ணீரோடும் செய்யலாம். இரண்டாவது, நாக்கு நுனியைப் பல்லிடையே மெல்லப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவது. நாக்கு பின்னே போக முடியாததால் தொண்டையின் பின்சுவர் முன்னே வந்து வேலை செய்யக் கற்கும். இதை உணவோடு ஒருபோதும் செய்யக் கூடாது, எச்சில் மட்டும்தான். மூன்றாவது, விழுங்கும்போது மேலே ஏறும் குரல்வளை மேட்டை விரலால் உணர்ந்து, ஏறிய இடத்திலேயே இரண்டு மூன்று நொடி கழுத்துத் தசையால் நிறுத்தி வைப்பது. ஒவ்வொன்றும் 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. வாய் வறண்டு எச்சில் ஊறாவிட்டால் சில சொட்டுத் தண்ணீரால் நாக்கை நனைத்துக்கொள்ளலாம்.

அதைவிட எனக்குப் பயன்பட்டது அவர் வகுத்த நேர ஒழுங்கு. வலி மருந்தை அண்ணி குழாய்க் கஞ்சியோடு சேர்த்துக் கொடுத்து வந்தார். அதை அந்தப் பெண் அரை மணி நேரம் முன்னதாக மாற்றினார். மருந்து வேலை செய்யும் அந்த இடைவெளியில் உப்பும் சமையல் சோடாவும் ஒவ்வொரு தேக்கரண்டி கலந்த ஒரு லிட்டர் நீரில் கொஞ்சம் எடுத்து வாய் கொப்பளித்து, பிறகு பயிற்சி, பிறகு வாயால் சில கரண்டி, அதற்குப் பின்பே குழாய். வயிறு நிறைந்தபின் யாருக்கும் விழுங்கத் தோன்றாது என்பதே காரணம்.

ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையம் ஏறத்தாழ 500 நோயாளிகளைப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடியும்வரை வாயால் ஏதேனும் சாப்பிட்டும் பயிற்சி செய்தும் வந்தவர்களே அதிக அளவில் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள்; இரண்டில் ஒன்றை மட்டும் செய்தவர்கள் இடையில் நின்றார்கள். சாப்பிட முடிந்தவர்கள் முதலிலேயே நல்ல நிலையில் இருந்திருக்கலாம் என்ற ஐயம் இதில் உண்டு, பயிற்சியின் பலனும் எல்லா ஆய்விலும் ஒரே அளவில் தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பெண் இந்த ஆய்வைச் சொல்லி அண்ணனுக்கு வைத்த இலக்கு மிகச் சிறியது: முதல் நாள் வேளைக்கு 10 தேக்கரண்டித் தண்ணீர். சாப்பாட்டுக்கு அல்ல, தசைக்கு.

முதல் கரண்டியில் அண்ணன் கண்ணில் நீர் வந்தது. ஐந்தாம் நாள் இளநீரும் வடிகட்டிய பார்லிக் கஞ்சியுமாக வேளைக்கு 50 மில்லி போனது. ரசம், புளித்த மோர், எலுமிச்சை எல்லாம் புண்ணை எரித்தன. ஊர்ச் சாப்பாட்டில் காரமும் புளிப்பும் இல்லாததைத் தேடுவது எத்தனை கடினம் என்று அப்போதுதான் உணர்ந்தேன். கடைசி வாரத்தில், 31ஆவது கதிர்வீச்சுக்குப் பின், மறுபடியும் 10 கரண்டித் தண்ணீருக்கே இறங்கிவிட்டார். நான் கலங்கினேன். இது எதிர்பார்த்ததுதான், சிகிச்சை முடிந்தும் ஓரிரு வாரம் புண் கூடுதலாகவே இருக்கும், எண்ணிக்கை குறையலாம், பூஜ்யம் மட்டும் ஆகக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னார். மாலைக் காய்ச்சல், நிறம் மாறிய சளி, விழுங்கியபின் ஈரக்குரல் ஆகிய மூன்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டுத் தெரிவிக்கும்படி அண்ணியிடம் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைத்தான் பழைய சீட்டு இருந்த இடத்தில் ஒட்டினோம்.

நான் கிளம்பிய அன்று அண்ணன் பாலில் ஊறிக் கரைந்த இட்லி அரைப் பங்கு சாப்பிட்டார், குழாய் இன்னும் இருந்தது. வாயால் மட்டுமே சாப்பிட்டு இரண்டு வாரம் எடை நிலையாக நின்ற பிறகு, கதிர்வீச்சு முடிந்த ஏழாம் வாரத்தில் குழாயை எடுத்தார்கள். சோறு இப்போதும் குழைந்திருக்க வேண்டும், முறுக்கு முடியாது. வாய் இரண்டரை விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. மூன்று விரல் நுழைய வேண்டும் என்று ஐஸ் குச்சிகளை அடுக்கி வைத்துத் தாடையை விரிக்கும் வேலை இப்போது சேர்ந்திருக்கிறது. இறுக்கம் மாதங்கள் கழித்தும் கூடலாம் என்பதால் மற்ற மூன்று பயிற்சிகளும் தொடர்கின்றன. ஞாயிறு காலைக் காணொளி அழைப்பில் அண்ணி கைபேசியைத் தொண்டைப் பக்கம் காட்டுவார். அண்ணன் குரல்வளை ஏறி மேலே நிற்பதை இங்கிருந்து நான் எண்ணுவேன்.