சில்க், மரம், இருட்டில் ஒளிரும் பிலமென்ட்: நாசில் சொல்லும் தீர்ப்பு

3டி பிரிண்டரில் சாதாரண பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் கை பழகியபிறகு அடுத்த பிலமென்ட் ஸ்பூலாக எதை வாங்கலாம் என்று யோசிப்பவர்களின் கண் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்கும்: பட்டுப்போல் மினுங்கும் சில்க், மரத்தூள் கலந்தது, இருட்டில் ஒளிர்வது. மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் திரும்பத் திரும்ப வாங்குவது மரத்தூள் கலந்ததைத்தான். காரணம் அழகு மட்டுமில்லை. உருகிய பிளாஸ்டிக் வெளியே வரும் முனையான நாசிலும் அதில் பாதி.

முதலில் சில்க். பி.எல்.ஏ.வோடு வேறு பாலிமரைக் கலந்து மினுமினுப்பு வரவைக்கிறார்கள். உள்ளே துகள் ஏதும் இல்லாததால் பித்தளை நாசிலுக்கு ஒரு சேதமும் கிடையாது. வழக்கமான வெப்பத்தைவிடப் பத்து, பதினைந்து டிகிரி கூட்டி 220 முதல் 230 வரை வைத்தால் பளபளப்பு ஏறும். அதன் ஒரே பிடிவாதம் வேகம். வெளிச்சுவர் ஓரிடத்தில் வேகமாகவும் இன்னோரிடத்தில் மெதுவாகவும் ஓடினால் ஒரு பட்டை மங்கலாகவும் அடுத்தது மினுங்கியும் தெரியும். குவளையின் கழுத்து குறுகும் இடத்தில், லேயர் ஆறுவதற்காக, மாதிரியைப் பிரிண்டர் கட்டளைகளாக மாற்றும் ஸ்லைசர் மென்பொருள் தானாகவே வேகத்தைக் குறைக்கும்போது இது அப்பட்டமாகத் தெரியும். வெளிச்சுவர் வேகத்தை வினாடிக்கு 40 மி.மீ. அளவில் கட்டிப்போட்டு, சிறிய பொருளாக இருந்தால் இரண்டை ஒரே நேரத்தில் அச்சிட்டால் ஒவ்வொரு லேயருக்கும் ஆற நேரம் கிடைத்து, வேகம் சீராக இருக்கும். லேயர்களுக்கிடையே பிடிப்பு குறைவு என்பதால் கொக்கி, கீல் போன்றவற்றுக்கு ஆகாது. அலமாரியில் நிற்கும் குவளைக்குச் சரி.

ஒளிரும் பிலமென்ட்டில் விஷயம் தலைகீழ். அச்சிடுவது சுலபம், சாதாரண பி.எல்.ஏ. அமைப்பே கிட்டத்தட்டப் போதும். ஆனால் உள்ளே இருப்பது ஸ்ட்ரோன்சியம் அலுமினேட் என்னும் பீங்கான் வகைத் தூள். வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் விடுவது அதுதான், பித்தளையைத் தேய்ப்பதும் அதுதான். உப்புத்தாளை நூலாக முறுக்கி நாசிலுக்குள் இழுப்பதற்குச் சமம் இது.

தேய்மானம் எப்படித் தெரியும் என்பதில் பலருக்குக் குழப்பம். துளை பெரிதானால் பிளாஸ்டிக் அதிகமாகக் கொட்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எவ்வளவு பிளாஸ்டிக் வர வேண்டும் என்பதை எக்ஸ்ட்ரூடர்தான் அளந்து தள்ளுகிறது, அந்த அளவு மாறாது. மாறுவது கட்டுப்பாடு. நாசிலின் முனையில் உள்ள சிறு தட்டைப் பகுதிதான் ஒவ்வொரு கோட்டையும் அழுத்திப் பரப்புகிறது. அது உருண்டு போனபின் மேற்பரப்பு சொரசொரப்பாகும், சிறிய எழுத்துகளின் மூலைகள் மழுங்கும், இதுவரை இல்லாத நூலிழைகள் தொங்கும். நூலைப் பின்னுக்கு இழுக்கும் ரிட்ராக்ஷனை எவ்வளவு மாற்றினாலும் தீராது.

இன்னொரு அடையாளம் முதல் லேயரில் இருக்கிறது. முனை தேயும்போது நாசில் நீளம் குறைகிறது. உயரத்தைத் தனி சென்சார் வைத்து அளக்கும் பிரிண்டர்களில் இந்தக் குறைவு கணக்கில் வராது. நேற்றுவரை நன்றாக ஒட்டிய முதல் லேயர் இன்று ஒட்டாது, இசட் ஆஃப்செட்டை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். நாசிலையே பெட்டில் தொட்டு அளக்கும் பிரிண்டர்களில் இது தெரியவே தெரியாது. அங்கே உருப்பெருக்கிக் கண்ணாடியில் புது நாசிலையும் பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே வழி.

இதற்குப் பதில் கடினப்படுத்திய எஃகு நாசில். சாதாரண வி6 வகை நாசில் போடும் பிரிண்டர் என்றால் ஒருமுறை செலவோடு போகும். ஹாட்எண்டையே மொத்தமாக மாற்ற வேண்டிய பிரிண்டர் என்றால் வாங்குமுன் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எஃகு பித்தளை அளவுக்கு வெப்பத்தைக் கடத்தாது, எனவே எல்லாப் பிலமென்ட்டுக்கும் ஐந்து முதல் பத்து டிகிரி கூட்ட வேண்டும். நாசில் எஃகானாலும் வழியில் உள்ள எக்ஸ்ட்ரூடர் பல்சக்கரம், பி.டி.எஃப்.இ. குழாய் ஆகியவற்றை அந்தத் தூள் உரசிக்கொண்டேதான் போகும். அதனால் முழுப் பொருளையும் ஒளிரும் பிலமென்ட்டில் அச்சிடுவதை விட்டுவிட்டேன். தேவையான எழுத்தை மட்டும் 2 மி.மீ. தடிமனில் அச்சிட்டு வெள்ளைப் பலகையில் ஒட்டினால் போதும். மெல்லிய சுவர் மங்கலாக ஒளிரும், தடிமன் கூடினால் வெளிச்சமும் கூடும், பின்னால் வெள்ளை இருந்தால் இன்னும் நல்லது. பச்சையும் நீலப்பச்சையும்தான் நன்றாக ஒளிர்பவை. மற்ற நிறங்களில் நான் அதிகம் ஓட்டியதில்லை.

இனி மரம். மரத்தூள் பித்தளையை ஒளிரும் தூள் அளவுக்குத் தேய்ப்பதில்லை, அதன் தொல்லை அடைப்பு. 0.4 மி.மீ. துளையுள்ள நாசிலில் தூள் சேர்ந்து வழியை மறிக்கும், அதிலும் சூடான நாசிலில் சும்மா நின்றால் கருகிக் கட்டியாகிவிடும். 0.6 நாசில் போட்டால் பிரச்சினையில் பெரும்பகுதி போய்விடுகிறது. நான் எஃகில் 0.6 வைத்திருக்கிறேன், அது ஒளிரும் பிலமென்ட்டுக்கும் சேர்த்தே உதவுகிறது. தொடக்கக் கட்டளைகளில் முதலில் பெட் சூடாகட்டும், கடைசியில் நாசில். பெட் சூடாகும்வரை மரம் உள்ளே வெந்துகொண்டிருக்கக் கூடாது. ரிட்ராக்ஷனைக் குறையுங்கள். உருகியதை மேலும் கீழும் இழுத்தால் தூள் குளிர்ந்த பகுதிக்கு ஏறி அங்கேயே தங்கும். நூலிழை வந்தால் வரட்டும், உப்புத்தாளில் ஒரு தேய்ப்பில் போய்விடும். வேலை முடிந்ததும் கொஞ்சம் சாதாரண பி.எல்.ஏ.வைத் தள்ளி நாசிலைக் கழுவிவிட வேண்டும்.

மரத்தில் என்னைக் கட்டிப்போட்டது வெப்பத்தோடு நிறம் மாறுவது. 190ல் வெளிறிய பழுப்பு, 220ல் தேக்குபோல் அடர் பழுப்பு. ஒரு பேனா ஸ்டாண்டை 0.3 லேயரில் அச்சிடும்போது, ஸ்லைசரில் சில உயரங்களில் வெப்பம் மாற்றும் கட்டளையைச் செருகினேன்:

```
M104 S218
```

அடுத்த இடத்தில் S195, பிறகு S210, இடைவெளிகளை வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல். M104 வெப்பம் எட்டும்வரை காத்திருக்காமல் ஓடிக்கொண்டே மாற்றும், அதனால் நிறம் வெடுக்கென்று மாறாமல் மெல்ல மாறி மர ரேகை போலவே விழுகிறது. பின் 120 எண் உப்புத்தாள், அடுத்து 220, கையால் மட்டும். மெஷினில் தேய்த்தால் சூட்டில் பி.எல்.ஏ. குழைந்துவிடும். லேயர் கோடுகள் மறைந்தபின் மரச்சாயத்தைத் தடவிச் சில நிமிடங்களில் துடைத்தால், தேய்த்ததில் வெளிப்பட்ட மரத்தூள் மட்டும் சாயத்தைக் குடிக்கும். இந்தத் திருத்தும் வாய்ப்பு சில்க்கில் கிடையாது, தேய்த்தால் மினுமினுப்புதான் போகும்.

குறையும் உண்டு. மரம் ஈரத்தை வேகமாக வாங்கும். அச்சிடும்போது பட்பட் என்று சத்தமும் சின்னக் குமிழ்களும் வந்தால் 50 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் உலர்த்தியே ஆக வேண்டும். சென்னைக் காற்றில் ஸ்பூலை வெளியே விட்டுவைப்பது வேண்டாம். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாதான் அதன் இடம். நூல் சட்டென ஒடியவும் செய்யும், வளைந்து போகும் நீளமான குழாய் வழியாக ஓட்டுபவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஃகு நாசில் வாங்கும் எண்ணமே இல்லை, பித்தளை 0.4தான் இருக்கிறது என்றால், என் சாய்வை விட்டுவிட்டு சில்க்கை எடுங்கள்.