தீபாவளி நகரும்போது பருவகாலக் குறியீட்டெண்: மூன்று கணக்கு முறைகளின் ஒப்பீடு

மூன்று ஆண்டுகளின் மாத விற்பனையைக் கொண்டு ஆண்டின் சராசரி மாதத்தோடு ஒப்பிட அந்தந்த மாதம் எந்த விகிதத்தில் நிற்கிறது என்று காட்டும் பருவகாலக் குறியீட்டெண் ஒன்றைக் கண்டு, அதை அடுத்த ஆண்டின் சராசரி மாத விற்பனையோடு பெருக்கி முன்கணிப்பைத் திருத்துவது வணிகப் புள்ளியியலில் பழகிய வழி. பொங்கலுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது, ஏனெனில் அது ஆண்டுதோறும் ஜனவரி நடுவில்தான் வருகிறது. ஆடித் தள்ளுபடியும் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நிலையாக இருக்கிறது. தீபாவளி அப்படியில்லை. 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20 என்று வந்த அது, 2026இல் நவம்பர் 8ஆம் தேதி வருகிறது. முறைகளை ஒப்பிட வேண்டிய இடம் இதுவே.

திருநெல்வேலியில் ஒரு நடுத்தர ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. சராசரி மாத விற்பனை 2023இல் 40 லட்சம், 2024இல் 44 லட்சம், 2025இல் 48 லட்சம் ரூபாய். அந்தந்த ஆண்டின் சராசரி மாதத்தை 100 என்று கொண்டால், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களின் விகிதங்கள் 2023இல் 75, 150, 175. 2024இல் 85, 250, 75. 2025இல் 110, 220, 75. 2026இன் சராசரி மாத விற்பனை 52 லட்சமாக இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறோம்.

முதல் முறை எளிய சராசரி. மூன்று ஆண்டு விகிதங்களைக் கூட்டி மூன்றால் வகுத்தால் செப்டம்பருக்கு 90, அக்டோபருக்கு 207, நவம்பருக்கு 108 கிடைக்கின்றன. யாரும் ஒரு தாளில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. ஆனால் நவம்பருக்குரிய 108 எந்த ஆண்டின் நவம்பரையும் குறிக்கவில்லை: தீபாவளி இருந்த நவம்பர் 175, இல்லாத நவம்பர் 75, இடையில் எதுவும் நடக்கவே இல்லை. இம்முறைக்கு இன்னொரு குறையும் உண்டு. விற்பனை ஆண்டுக்குப் பத்து சதவீதம் வளர்ந்தால், ஜனவரி ஆண்டுச் சராசரியைவிடச் சுமார் நான்கரை சதவீதம் தாழ்ந்தும் டிசம்பர் அதே அளவு உயர்ந்தும் நிற்கும். வளர்ச்சியால் வந்த அந்த வேறுபாட்டை இம்முறை பருவத்தின் கணக்கில் சேர்த்துவிடுகிறது.

அந்த இரண்டாவது குறையைத் தீர்ப்பதற்கென்றே வந்தது நகரும் சராசரி விகித முறை. ஒவ்வொரு மாதத்தையும் நடுவில் வைத்து, அதைச் சுற்றிய பன்னிரண்டு மாதங்களின் நகரும் சராசரியைக் கண்டு, அம்மாத விற்பனையை அதனால் வகுத்தால் வளர்ச்சிப் போக்கு நீங்கிவிடும். பாடநூல்கள் இதையே சிறந்ததாகச் சொல்கின்றன. நீண்ட தரவு இருக்கும்போது நானும் அதையே சொல்வேன். மூன்றே ஆண்டுத் தரவு இருக்கும்போது இதன் விலை அதிகம். முதல் ஆறு மாதங்களுக்கும் கடைசி ஆறு மாதங்களுக்கும் மையச் சராசரி கிடைக்காது என்பதால் 36 மாதங்களில் 24 மட்டுமே மிஞ்சுகின்றன. நம் கடையில் ஜூலை 2025 முதல் டிசம்பர் வரையிலான விகிதங்கள் கணக்கிலேயே வராமல், மிக அண்மைத் தீபாவளி முழுவதும் விடுபட்டுப்போகிறது. எஞ்சிய 2023, 2024 இரண்டையும் சராசரி செய்தால் ஏறத்தாழ 80, 200, 125 வருகின்றன. அதாவது முதல் முறையின் நோய் அப்படியே தொடர்கிறது.

இம்முறையில் எளிதில் கண்ணில் படாத இன்னொரு சிக்கல் இருக்கிறது. நவம்பர் 2023 முதல் அக்டோபர் 2024 வரையிலான பன்னிரண்டு மாதங்களுக்குள் முதல் தீபாவளியின் கடைசி நாட்களும் அடுத்த தீபாவளி முழுவதும் சேர்ந்து அடங்குகின்றன. ஒன்றரைத் தீபாவளியைச் சுமந்த அந்தச் சராசரி உயர்ந்து நிற்பதால், அதை மையமாகக் கொண்ட 2024 ஏப்ரல், மே மாத விகிதங்கள் சுமார் நான்கு சதவீதம் குறைந்து தெரியும். ஏப்ரலில் விற்பனை உண்மையில் மந்தமாக இருந்ததா என்று தேடுபவருக்குக் காரணம் ஆறு மாதம் தள்ளி நவம்பரில் கிடக்கிறது.

மூன்றாவது முறை மாதத்தை விட்டுப் பண்டிகையைப் பிடித்துக்கொள்கிறது. மூன்று மாதங்களின் விகிதங்களைக் கூட்டிப் பாருங்கள்: 400, 410, 405. பங்கீடு எவ்வளவு மாறினாலும் கூட்டுத்தொகை பெரிதாக மாறவில்லை. இந்த நிலைத்தன்மைதான் முறையின் அடித்தளம். தீபாவளி இல்லாத நவம்பரின் 75ஐ முப்பதால் வகுத்தால் சாதாரண நாளொன்றுக்கு 2.5. மூன்று மாதத்தின் 91 நாட்களுக்கு அது ஏறக்குறைய 227. சராசரி 405இல் மீதமுள்ள 178 தீபாவளி கொண்டுவந்த கூடுதல். கடையின் நாள்வாரி பில்களைத் தீபாவளி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி அடுக்கினால், அந்தக் கூடுதலில் கடைசிப் பத்து நாட்களில் 50 சதவீதமும், அதற்கு முந்தைய பத்தில் 30 சதவீதமும், அதற்கும் முந்தைய பத்தில் 20 சதவீதமும் விழுவதாகக் கொள்வோம்.

இந்தப் பங்கீட்டைப் பழைய ஆண்டுகளில் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். 2025இல் செப்டம்பர் 21 முதல் 30 வரையிலான முதல் பத்து நாட்கள் 20 சதவீதத்தைப் பெறுவதால் செப்டம்பருக்கு 75உடன் 36 சேர்ந்து 111 வருகிறது; உண்மை விகிதம் 110. 2023இன் நவம்பருக்கு 175, அக்டோபருக்கு 156 வருகின்றன. உண்மையில் 175, 150. இனி 2026: அக்டோபர் 10 முதல் 29 வரை கூடுதலில் பாதி, அக்டோபர் 30, 31இல் பத்து சதவீதம், மீதி நாற்பது நவம்பரின் முதல் எட்டு நாட்களில். இதன்படி அக்டோபர் 184, நவம்பர் 146, செப்டம்பர் வெறும் 75.

2026 முன்கணிப்பு லட்ச ரூபாயில்:

| முறை | செப்டம்பர் | அக்டோபர் | நவம்பர் |
|---|---|---|---|
| எளிய சராசரி | 47 | 107 | 56 |
| நகரும் சராசரி விகிதம் | 42 | 104 | 65 |
| தீபாவளி நாள்வழி | 39 | 96 | 76 |

மூன்று வரிசைகளின் கூட்டுத்தொகையும் 210, 211 என்றே வருவதைக் கவனிக்க வேண்டும். முழுக் கொள்முதலையும் ஆகஸ்டிலேயே ஒரே தவணையில் முடித்துவிடும் கடைக்கு முறை எதுவானாலும் பெரிய வேறுபாடில்லை. அத்தகையவர் எளிய சராசரியோடு நின்றுகொள்ளலாம். சரக்கைத் தவணை தவணையாக இறக்குபவருக்கும், கூடுதல் ஆட்களை நாள் பார்த்து அமர்த்துபவருக்கும், கடன் தவணையை நவம்பர் வரவிலிருந்து கட்டுபவருக்கும் நவம்பரில் முதல் முறைக்கும் மூன்றாவது முறைக்கும் இடையிலுள்ள இருபது லட்ச வேறுபாடு கையிருப்பையே அசைக்கும். அவர்களுக்கு மூன்றாவது முறையை விட்டால் வேறு வழியில்லை என்பதே என் முடிவு. பிற மாதங்களுக்கு நகரும் சராசரியையே வைத்துக்கொள்ளலாம். தீபாவளிக் கூடுதலை முதலில் கழித்துவிட்டு அதைக் கணக்கிட்டால் ஏப்ரல், மே சிக்கலும் வராது. ஆண்டுக்குச் சுமார் பதினொரு நாள் முன்னேறும் ரம்ஜானையும், அதற்கான விற்பனை கணிசமாக உள்ள கடைகளில், இதேபோல் தனியே பிரிக்க வேண்டும். இறுதியில் பன்னிரண்டு குறியீட்டெண்களின் கூட்டு 1200 ஆகும்படி சரிசெய்தால் போதும்.

எந்த முறையும் தானாகச் சரிசெய்யாதது ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்தது. அந்த டிசம்பரின் வீழ்ச்சி பருவத்தினால் வந்ததன்று. மூன்றில் ஒரு பங்கு எடையோடு அதைச் சராசரியில் விட்டுவைத்தால் டிசம்பரின் குறியீட்டெண் ஆண்டுதோறும் வெள்ளத்தை எதிர்பார்க்கும். அந்த விகிதத்தை நீக்கி மற்ற இரண்டை மட்டும் கொள்வதே சரி. சரக்கு தீர்ந்து கடை பாதி வெறுமையாக நின்ற நாட்களையும் இப்படியே குறித்துவைக்க வேண்டும், ஏனெனில் அன்றைய பில் தேவையைக் காட்டாமல் இருப்பை மட்டுமே காட்டுகிறது.

மூன்றாவது முறை தவறிப்போகிறதா என்பதைப் பண்டிகைக்கு முன்பே அறிய முடியும். 2026இல் அக்டோபர் 10 முதல் 19 வரையிலான பத்து நாட்களில் சாதாரண விற்பனை 13 லட்சமும், சுமார் 92 லட்சக் கூடுதலில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்ந்து ஏறத்தாழ 31.5 லட்சம் வர வேண்டும். 25 லட்சமே வந்திருந்தால், கூட்டம் தாமதமாக வருகிறதா அல்லது குறைந்தே வரப்போகிறதா என்பதை அடுத்த பத்து நாட்களின் பில்கள் சொல்லும். அதுவரை கடைசித் தவணைச் சரக்கின் ஆர்டரை நிறுத்திவைக்கக் கடைக்காரருக்கு இன்னும் அவகாசம் இருக்கும்.