₹3,850 வாங்கிக்கொண்டு ஃபியூஸைத் தவறான முனையில் மாட்டிவிட்டார்கள்: காரில் யூஎஸ்பி சாக்கெட் போடப் போகிறவர்கள் படியுங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். அக்காவின் கார் டேஷ்போர்டைப் பிரித்துப் பார்த்தேன். ரேடியோவுக்குப் பின்னால் வரும் வயர்க்கட்டு ஒரு சாண் நீளத்துக்கு உருகி ஒட்டிக்கிடந்தது. இதைச் செய்தது ஒரு கார் ஆக்சஸரீஸ் கடை. சீட் கவர், ஸ்பீக்கர், ரிவர்ஸ் கேமரா எல்லாம் போடுகிற, வாசலில் எப்போதும் நாலு வண்டி நிற்கிற வகைக் கடை. பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது. சாக்கெட் 1,200, "ஃபியூஸ் கிட், வயரிங்" 1,150, கூலி 1,500 என்று மொத்தம் 3,850 ரூபாய் பில். பில்லில் "ஃபியூஸுடன் தனி லைன்" என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அக்கா நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. ஃபியூஸ் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கொடுத்தாள். அந்த ஆள் சாக்கெட்டுக்குக் கீழே கைவிட்டு, கறுப்பு நிற ஃபியூஸ் ஹோல்டரை வெளியே இழுத்துக் காட்டினான். மூடியைத் திறந்து பழுப்பு நிற 7.5 ஆம்ப் ஃபியூஸை உருவினான், சாக்கெட் விளக்கு அணைந்தது. திரும்பச் செருகினான், எரிந்தது. "பாத்தீங்களா மேடம், ஏதாச்சும்னா இதுதான் போகும், வண்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்றான். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். ஆனால் சாக்கெட்டுக்கு வரும் கரண்ட் அந்த ஃபியூஸ் வழியாகப் போகிறது என்பதை மட்டும்தான் அந்தச் சோதனை காட்டும். ஃபியூஸ் வயரின் எந்த முனையில் இருக்கிறது என்பதைக் காட்டவே காட்டாது.

ஃபியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான், சாக்கெட்டை அல்ல. கரண்ட் எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் உட்கார வேண்டும். அதற்கு அப்புறம் வயர் எங்கே உரசினாலும், கிள்ளுப்பட்டாலும் ஃபியூஸ் அறுந்து கரண்டை நிறுத்தும். இவர்கள் ரேடியோவுக்குப் போகும் மஞ்சள் வயரைச் சுரண்டி, புது வயரை முறுக்கி, டேப் சுற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து சாக்கெட் வரைக்கும் ஒன்றரை மீட்டர் வயர் வெறுமனே ஓடுகிறது. ஃபியூஸ் அதன் கடைசியில், சாக்கெட்டை ஒட்டி இருக்கிறது. அதாவது ஃபியூஸ் காக்கிற நீளம் ஒரு விரல் அளவு. டேஷ்போர்டுக்குள் இரும்புப் பிராக்கெட்டுகளுக்கு நடுவே நெளிந்து வரும் மீதி வயருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அந்த நீளத்துக்குக் கடைசிப் பாதுகாப்பு ரேடியோவின் சொந்த ஃபியூஸ். அதையும் இவர்கள் விட்டுவைக்கவில்லை. ஃபியூஸ் பெட்டி மூடியில் ரேடியோவுக்கு 15 ஆம்ப் என்று போட்டிருக்கிறது, அது நீல நிறம். இடத்தில் செருகியிருப்பது பச்சை, 30 ஆம்ப். எரிந்துபோன நீல ஃபியூஸ் டிரைவர் பக்க மிதியடிக்குக் கீழே கிடந்தது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் உயிருள்ள வயரைச் சுரண்டியிருப்பார்கள், பாடியில் பட்டு 15 போயிருக்கும், கைக்குக் கிடைத்த 30-ஐச் செருகிவிட்டார்கள்.

பிறகு நடந்ததை வயரே சொல்கிறது. ஸ்டீயரிங் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிராக்கெட் விளிம்பில் புது வயர் உரசி உரசித் தோல் போயிருக்கிறது. பெயின்ட் பூசிய இரும்பு என்பதால் நேரடி ஷார்ட் ஆகவில்லை. அரைகுறையாகத் தொட்டுத் தொட்டு கரண்ட் கசிந்திருக்கிறது. நேரடி ஷார்ட் ஆகியிருந்தால் 30 ஆம்ப் ஃபியூஸ்கூட உடனே போயிருக்கும். ஆபத்து இந்த அரைகுறைத் தொடுகையில்தான். பிளேடு ஃபியூஸ் எழுதியிருக்கும் அளவைத் தொட்டவுடன் போவதில்லை. அளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக ஓடினாலும் மணிக்கணக்கில் தாங்கும்படிதான் செய்கிறார்கள். ஆகவே 30 ஆம்ப் ஃபியூஸ் வழியாக 25 ஆம்ப் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடும். ரேடியோ வயரோ 15 ஆம்ப் ஃபியூஸுக்கு ஏற்ற மெல்லிய வயர். ஃபியூஸ் சும்மா இருந்தது, வயர் உருகியது. எரிந்த வாடை வந்து அக்கா வண்டியை ஓரம் கட்டியதால் தீப்பிடிக்கவில்லை. வயர்க்கட்டைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியன் 4,200 கேட்டார். 3,850 போனதற்கு மேல் இது.

கடைக்குப் போனால் முதல் பதில், "உங்க போன் கேபிள் டூப்ளிகேட் சார்." கேபிள் ஷார்ட் ஆகி வயர் உருகுகிற அளவுக்குக் கரண்ட் ஓடியிருந்தால் சாக்கெட் பக்கத்து 7.5 ஆம்ப் ஃபியூஸ்தான் முதலில் போயிருக்க வேண்டும். அது இன்னும் முழுசாக இருக்கிறது, கையில் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த ஃபியூஸ் பிழைத்திருப்பதே பழுது அதற்கு முந்தைய பகுதியில், அவர்கள் இழுத்த வயரில் என்பதற்கு ஆதாரம். அடுத்து "எலி கடிச்சிருக்கும்." எலி கடித்தால் தோலில் பல் தடம் இருக்கும், துணுக்குகள் கீழே சிதறிக்கிடக்கும். இங்கே தோல் கொப்பளித்து, கறுத்து, உரசிய ஒரு புள்ளியிலிருந்து பின்னோக்கி மஞ்சள் வயர் இணைப்பு வரை உருகிப் போயிருக்கிறது. அதற்கடுத்து "ஓனர் ஊர்ல இல்ல, திங்கள் வாங்க." திங்களன்று ஓனர் சொன்னது, "வாரண்டி சாக்கெட்டுக்கு மட்டும்தான். சாக்கெட் வேலை செய்யுதுல்ல?" 3,850 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை.

அவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை இதுதான். அதே வண்டியில் இப்போது நான் போட்டிருப்பதும் இதுவே.

சாக்கெட்டில் 30 வாட் போர்ட் ஒன்று, 18 வாட் போர்ட் ஒன்று, ஆக 48 வாட். உள்ளே வோல்ட்டை மாற்றுவதில் கொஞ்சம் சூடாகப் போகும், அதனால் பேட்டரியிலிருந்து 55 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் வகுத்தால் 4.6 ஆம்ப். 5 ஆம்ப் ஃபியூஸ் போட்டால் எப்போதும் விளிம்பிலேயே நின்று ஒருநாள் காரணமில்லாமல் போகும். ஆகவே 7.5, வயர் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு. வயரை வாங்கும்போது ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருக்க வேண்டும். சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லைன் எடுக்க எந்த வயரையும் வெட்டவோ சுரண்டவோ தேவையில்லை. பிக்கிபேக் ஃபியூஸ் ஹோல்டர் என்று நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஃபியூஸ் பெட்டியில் ஒரு ஃபியூஸை உருவிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருக வேண்டும். ஹோல்டரில் இரண்டு பள்ளங்கள் இருக்கும், கீழே பழைய ஃபியூஸ், மேலே புது 7.5. உங்கள் பெட்டியில் இருப்பது மினியா, சாதா அளவா, குட்டை மினியா என்று பார்த்து அதே வகையில் வாங்குங்கள். நான் எடுத்தது சிகரெட் லைட்டர் ஃபியூஸ் இடத்தில். சாவியை அக்சஸரி நிலைக்குத் திருப்பினால்தான் அதற்குக் கரண்ட் வரும், சாவியை எடுத்தால் சாக்கெட்டும் அணையும். கடைக்காரர்கள் எடுத்த மஞ்சள் வயரில் எந்நேரமும் கரண்ட் இருக்கும். சாக்கெட்டின் வோல்ட் மீட்டர் விளக்கு 20 மில்லிஆம்ப் இழுத்தால்கூட, சும்மா நிற்கும் வண்டியில் மாதத்துக்கு 14 ஆம்ப்-மணி போகும். 35 ஆம்ப்-மணி பேட்டரிக்கு அது பெரிய அளவு.

ஹோல்டரை இரண்டு திசையிலும் செருகலாம், ஒன்றுதான் சரி. தெரிந்த மெக்கானிக்குகள்கூட இதைப் பார்ப்பதில்லை. தவறான திசையில் செருகினால் புது சாக்கெட்டின் கரண்ட் பழைய ஃபியூஸ் வழியாகவும் ஓடும், லைட்டருக்கும் சாக்கெட்டுக்கும் சேர்த்து அந்த ஒரே ஃபியூஸ் சுமை தாங்கும். கண்டுபிடிப்பது எளிது. கீழ்ப் பள்ளத்துப் பழைய ஃபியூஸை மட்டும் எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். சாக்கெட் எரிந்தால் திசை சரி. எரியாவிட்டால் ஹோல்டரை உருவித் திருப்பிச் செருகுங்கள். திசை சரியாக இருந்தாலும் பெட்டிக்குள் வரும் முனை இரண்டு சுமையையும் தாங்கித்தான் ஆக வேண்டும், ஆகவே டயருக்குக் காற்றடிக்கும் பம்பை லைட்டரில் மாட்டும்போது சாக்கெட்டில் போன் வேண்டாம்.

நெகட்டிவ் வயரைப் பிளாஸ்டிக் தாங்கும் திருகில் கட்டிவிட்டுப் போவார்கள். டிரைவர் காலருகே பக்கப் பலகைக்குப் பின்னால் பாடியில் நேரே முறுக்கிய போல்ட் இருக்கும். அந்த இடத்துப் பெயின்டைச் சுரண்டி, வயர் முனையில் வளையம் போன்ற ரிங் டெர்மினலை அழுத்திப் பொருத்தி அங்கே மாட்டுங்கள். இரண்டு போன் சார்ஜ் ஆகும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை சாக்கெட்டின் நெகட்டிவிலும் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை, போன் விட்டுவிட்டுச் சார்ஜ் ஆவதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

வயர் போகும் பாதையைப் பற்றி நிறைய எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள், கழற்றாத கடையில் வண்டியை விடாதீர்கள். மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ தெரிந்தால் அது ஏர்பேக், பக்கத்தில்கூடக் கை போகக் கூடாது. ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கம்ப்யூட்டர் ஃபியூஸ்களிலிருந்து லைன் எடுக்கக் கூடாது. வயரைத் துணி டேப்பால் சுற்றி, ஏற்கெனவே ஓடும் வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள், ஸ்டீயரிங் தண்டு, பெடல் பக்கம் போகவே கூடாது. பணம் கொடுக்கும் முன் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, மூடியில் உள்ள எண்களோடு ஃபியூஸ் நிறங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். "ஃபியூஸ் எங்கே" என்று கேட்காதீர்கள், "கரண்ட் எடுத்த இடத்தைக் காட்டு" என்று கேளுங்கள். பில், உருகிய வயரின் படம், எரியாத 7.5 ஃபியூஸ், மிதியடிக்குக் கீழே கிடந்த 15, எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். நாளை 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்கிறேன், 3,850-உம் வயர்க்கட்டுக்கான 4,200-உம் சேர்த்துத்தான்.