சொல்லைத் தேடுவதா, பொருளைத் தேடுவதா? வாடகைக் கேள்விகளுக்கு எம்பெடிங்கைத் தேர்ந்தெடுத்த கதை

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்கள் சில ஆண்டுகளாக ஒரு கேள்வி–பதில் தொகுப்பைச் சேர்த்து வருகிறோம். வாடகை, லீஸ், காவிரித் தண்ணீர் இணைப்பு, மின்கட்டணப் பெயர் மாற்றம் என்று புதிதாக ஊருக்கு வருபவர்கள் கேட்பதெல்லாம் அதில் இருக்கிறது. பதிவுகள் 1,100ஐத் தாண்டியதும் தேடும் வசதி தேவைப்பட்டது. பழைய முறையில் சொற்களை ஒப்பிட்டுத் தேடுவது ஒரு வழி, வாக்கியத்தின் பொருளை எண்களாக மாற்றி ஒப்பிடும் எம்பெடிங் மற்றொன்று. இரண்டையும் அமைத்துப் பார்த்தபின் நான் எம்பெடிங் பக்கம் சாய்ந்தேன்.

சொல் தேடலைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் தட்டும் சொல் பதிவில் இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. வேகமானது, ஏன் ஒரு பதிவு வந்தது என்பதும் கண்ணுக்குத் தெரியும். மின்கட்டண ரசீதில் உள்ள ஆர்.ஆர். எண், படிவத்தின் பெயர் போன்றவற்றைத் தேட இதை மிஞ்ச எதுவும் இல்லை.

சிக்கல் இப்படித்தான் தொடங்கியது. ஒரு பெண் 'வீட்டைக் காலி செய்தால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?' என்று தேடினார். பதில் தொகுப்பில் இருந்தது. ஆனால் அதை எழுதியவர் ஓய்வு பெற்ற வழக்கறிஞர். 'குடியிருப்பவர் வெளியேறும்போது உரிமையாளர் வைப்புத்தொகையைத் திருப்பித் தரவேண்டிய முறை' என்று எழுதியிருந்தார். இரண்டு வாக்கியங்களிலும் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. போதாததற்கு, 'வீடு' என்பது வீட்டை, வீட்டுக்கு, வீட்டிலிருந்து என்று நம் மொழியில் உருமாறிக்கொண்டே போகிறது.

எம்பெடிங் இந்த இடத்தில் வேறு வேலை செய்கிறது. வாக்கியம் முதலில் டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாக உடைக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் பட்டியல் உண்டு. இதற்கென்றே பயிற்றுவிக்கப்பட்ட நிரலான மாடலின் அடுக்குகள் வழியாகச் செல்லும்போது, ஒவ்வொரு துண்டின் எண்களும் பக்கத்துத் துண்டுகளைப் பொறுத்து மாறுகின்றன. 'ஆறு' என்ற சொல் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒருவிதமாகவும், 'மாதம்' என்பதற்குப் பக்கத்தில் வேறுவிதமாகவும் ஆவது இப்படித்தான். கடைசியில் எல்லாத் துண்டுகளின் பட்டியல்களையும் சராசரி எடுத்தால் முழு வாக்கியத்துக்கும் ஒரே பட்டியல் கிடைக்கிறது. நான் பயன்படுத்தும் `multilingual-e5-small` மாடலில் அதன் நீளம் 384 எண்கள்.

பொருள் ஒத்த வாக்கியங்கள் ஏன் அருகருகே அமைகின்றன? பயிற்சியில் அப்படி இழுத்து வைக்கப்படுவதால்தான். ஒரு கேள்வியையும் அதற்கான சரியான பதிலையும் சோடியாகக் காட்டி, அவற்றின் எண்கள் நெருங்கும்படி மாடல் திருத்தப்படுகிறது. சம்பந்தமில்லாத பதில்கள் விலக்கித் தள்ளப்படுகின்றன. எண்ணற்ற சோடிகளில் இது நடந்தபின், 'அட்வான்ஸ்' வரும் சூழலும் 'வைப்புத்தொகை' வரும் சூழலும் ஒரே திசையில் வந்து நிற்கின்றன.

திசை என்பதைக் கையால் கணக்கிட்டுப் பார்க்கலாம். 384க்குப் பதில் மூன்றே எண்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. அட்வான்ஸ் கேள்வி (0.8, 0.6, 0), வைப்புத்தொகைப் பதிவு (0.6, 0.8, 0), தண்ணீர் இணைப்புப் பதிவு (0, 0.6, 0.8). இடத்துக்கு இடம் பெருக்கிக் கூட்டுங்கள். முதல் இரண்டுக்கும் 0.48 + 0.48 = 0.96. கேள்விக்கும் தண்ணீருக்கும் 0.36. மூன்று பட்டியல்களின் நீளமும் ஒன்று என்பதால், இந்தக் கூட்டுத்தொகையே அவற்றுக்கு இடையிலான கோணத்தின் கோசைன். எண் பெரிதானால் பொருள் நெருக்கம்.

```python
from sentence_transformers import SentenceTransformer
m = SentenceTransformer("intfloat/multilingual-e5-small")
q = m.encode("query: அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?", normalize_embeddings=True)
p = m.encode("passage: வைப்புத்தொகையைத் திருப்பித் தரும் முறை", normalize_embeddings=True)
print(len(q), q @ p)
```

`query:`, `passage:` என்ற முன்னொட்டுகளை விட்டுவிடாதீர்கள். இந்த மாடல் அவற்றோடுதான் பயிற்சி பெற்றது. இதன் மதிப்பெண்கள் பெரும்பாலும் 0.7க்கு மேலேயே விழும். ஆகவே '0.7க்கு மேல் இருந்தால் பொருத்தம்' என்று கோடு போட்டால் எல்லாமே பொருந்தும். வரிசையை மட்டும் பாருங்கள்.

நான் முதலில் எடுத்தது இந்த மாடல் அல்ல, பிரபலமான `all-MiniLM-L6-v2`. அது ஆங்கிலத்துக்கானது. அதன் டோக்கன் பிரிப்பான், எழுத்துகளின் மேல் உள்ள குறிகளை நீக்கிவிடும். நம் புள்ளியும் ஈகாரச் சுழியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவதால் 'தண்ணீர்' உள்ளே போகும்போது 'தணணர' ஆகிவிடுகிறது. 'பல்'லும் 'பல'வும் ஒன்றாகிவிடுகின்றன. எந்த மாடலையும் நம்புமுன் நாலு தமிழ்ச் சொற்களை அதன் `tokenizer.tokenize` வழியாக விட்டுப் பாருங்கள். எழுத்தெழுத்தாகச் சிதறினால் ஒதுக்கிவிடலாம். `paraphrase-multilingual-MiniLM-L12-v2` ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கானது என்றாலும் அந்தப் பட்டியலில் இந்தி, மராத்தி, குஜராத்தி உண்டு, தமிழ் இல்லை.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன்: பராமரிப்பு. சொல் தேடலைப் பயனுள்ளதாக வைத்திருக்க ஒத்த சொற்களின் பட்டியல் வேண்டும். அட்வான்ஸ், முன்பணம், வைப்புத்தொகை, டெபாசிட் என்று நான்தான் எழுதினேன். தஞ்சாவூர்க்காரர் வந்து ஒரு சொல் சொல்வார், கோலாரில் வளர்ந்தவர் வேறு சொல் சொல்வார். இரண்டு மாதத்தில் பட்டியல் நோட்டில் பதினான்கு பக்கம் ஆனது. நான் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் அதைத் தொட ஆளில்லை.

எம்பெடிங்கிலும் பராமரிப்பு உண்டு, ஆனால் வேறு வகை. ஒரு மாடலின் எண்கள் அந்த மாடலுக்குள் மட்டுமே பொருளுள்ளவை. பழைய மாடலிலிருந்து மாறியபோது, புதிய பதிவுகளை மட்டும் புதிய மாடலில் மாற்றினேன். இரண்டுமே 384 எண்கள்தான் தருகின்றன என்பதால் நிரல் எந்தப் பிழையும் காட்டவில்லை. என்ன தேடினாலும் கடைசி மாதத்துப் பதிவுகளே மேலே வந்தன. பழைய பதிவுகளின் எண் பட்டியல்கள் வேறு மாடலின் வெளியைச் சேர்ந்தவை, அவற்றின் மதிப்பெண் சுழியத்தை ஒட்டிக் கிடந்தது. எல்லாப் பதிவுகளையும் மறுபடி மாற்றியதும் சரியானது. 1,100 பதிவுகளின் எண்கள் மொத்தமாக 1.7 எம்.பி.தான், சாதாரண மடிக்கணினியே போதும். லட்சக்கணக்கான பதிவுகளை நான் கையாண்டதில்லை. அங்கே மறுமாற்றத்தின் செலவு இந்தக் கணக்கைப் புரட்டக்கூடும்.

பொருள் தேடல் தோற்ற இடங்களையும் சொல்கிறேன். 'அட்வான்ஸ் கிடைக்கும்', 'அட்வான்ஸ் கிடைக்காது' இரண்டும் அருகருகே நிற்கின்றன, ஏனெனில் பேசுபொருள் ஒன்றுதான். ஆகவே நிரல் பதிவை எடுத்துக் காட்டுவதோடு நிற்க வேண்டும். ஆம், இல்லை என்று தீர்ப்புச் சொல்ல இந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது. மதுரைக்காரர் ஒருவர் 'ஒத்திக்கு வீடு' என்று தேடியபோது எங்கள் 'லீஸ்' பதிவுகள் மேலே வரவில்லை. நோட்டிலிருந்த 'ஒத்தி, போக்கியம், லீஸ்' என்ற வரிதான் அப்போது கைகொடுத்தது.

அதனால் அந்த வரி உள்ள ஒரு பக்கத்தையும், ஆர்.ஆர். எண் போன்றவற்றுக்கான சொல் தேடலையும் வைத்துக்கொண்டு மற்ற பதின்மூன்று பக்கங்களை விட்டுவிட்டேன். ஒவ்வொரு பதிவின் எண்களுக்குப் பக்கத்திலும் மாடலின் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பெயர் மாறியிருந்தால் நிரல் தேடாமல் நின்றுவிடும்.