நெட் போச்சா, ஆன்டிவைரஸ் மறிக்குதா: மூன்று சோதனைகளின் ஒப்பீடு

கிருஷ்ணகிரியில் வரிக் கணக்கு பார்க்கும் சின்ன அலுவலகம் என்னுடையது. போன மாதம் 20ஆம் தேதி ஒரு மாங்கூழ் ஆலைக்கு ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. கம்பெனி என்பதால் டிஜிட்டல் கையெழுத்து போட்டாக வேண்டும். டோங்கிளைச் செருகிக் கையெழுத்துக்கான பொத்தானை அழுத்தினால், இணைப்பு கிடைக்கவில்லை என்று வந்தது. வேறு இரண்டு தளங்களும் சான்றிதழ் பிழை காட்டின. "அண்ணா, நெட் போயிடுச்சு" என்றான் உதவியாளர் தம்பி. நெட் போகவில்லை. அதை உறுதி செய்ய மூன்று வழிகள் இருந்தன. மூன்றும் ஒரே தரம் அல்ல.

முதல் வழி, எல்லோரும் செய்வது: கணினியை செல்போன் ஹாட்ஸ்பாட்டில் மாட்டிப் பார்ப்பது. அங்கே சரியாகிவிட்டால் கோளாறு பெரும்பாலும் ரவுட்டரிலோ லைனிலோதான். அதே பிழை தொடர்ந்தால் சந்தேகம் கணினி பக்கம் திரும்பும். ஆனால் கணினிக்குள் குற்றவாளி ஆன்டிவைரஸா, தப்பான தேதியா, பிரவுசரா என்று இது சொல்லாது. கையெழுத்துச் சிக்கலுக்கோ இந்தச் சோதனையே பொருந்தாது. கையெழுத்துப் போடும் எம்சைனர் நிரல் நம் கணினியிலேயே ஓடுகிறது, பிரவுசர் 127.0.0.1 என்ற முகவரியில் அதனோடு பேசுகிறது. அந்தப் பேச்சு கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. லைனை மாற்றி என்ன பயன்?

இரண்டாவது, ஆன்டிவைரஸைப் பத்து நிமிடம் நிறுத்திப் பார்ப்பது. வேலை செய்தால் பதில் தெளிவு. செய்யாவிட்டால்தான் ஏமாந்துபோவோம். பிரவுசரை முழுக்க மூடித் திறக்காவிட்டால் பழைய இணைப்பே நீடிக்கலாம். சில ஆன்டிவைரஸில் நிறுத்திய பிறகும் வடிகட்டும் பகுதி மறுதொடக்கம் வரை விலகாது. எனவே "நிறுத்தியும் சரியாகலை, அப்போ அது காரணமில்லை" என்று முடிவு கட்டக் கூடாது. வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் இருக்கும் கணினியில் காவலை முழுக்க நிறுத்துவதும் எனக்குப் பிடிக்காது. வலைப் பாதுகாப்பை மட்டும் நிறுத்த வழியிருந்தால் அதோடு நிற்கலாம்.

மூன்றாவதைத்தான் நான் முதலில் செய்வேன்: தளத்தின் அடையாளத்துக்குச் சாட்சி சொல்லும் சான்றிதழை யார் கொடுத்தது என்று பார்ப்பது. https என்று தொடங்கும் பூட்டிய தளங்களுக்குள்ளும் எட்டிப் பார்க்க, ஆன்டிவைரஸ் பிரவுசருக்கும் தளத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, தளத்தின் சான்றிதழை எடுத்துவிட்டுத் தானே தயாரித்த ஒன்றை நீட்டுகிறது. அந்தச் சான்றிதழுக்கு அடிப்படையான ஆன்டிவைரஸின் மூலச் சான்றிதழை பிரவுசர் ஏற்கவில்லை என்றால் `NET::ERR_CERT_AUTHORITY_INVALID` போன்ற பிழை வரும். முகவரிப் பட்டையின் இடப்பக்கம் சொடுக்கி, சான்றிதழைத் திறந்து, `Issued by` என்ற இடத்தைப் பாருங்கள். ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால் அது நடுவில் இருக்கிறது. பெரிய அலுவலகங்களில் அங்கே ஃபயர்வால் பெயர் வரலாம். லைன் கோளாறு என்றால் சான்றிதழ் வரை போகவே முடியாது. `ERR_CONNECTION_TIMED_OUT` அல்லது `DNS_PROBE_FINISHED_NO_INTERNET` போன்ற பிழையோடுதான் நிற்கும். ஒரு எச்சரிக்கை: பல ஆன்டிவைரஸ்கள் வங்கித் தளங்களைத் தொடாமல் விடும். வங்கித் தளத்தில் அசல் சான்றிதழைப் பார்த்துவிட்டு நிம்மதி அடையாமல், பிழை வரும் தளத்திலேயே பாருங்கள்.

எங்கள் கணினியில் அந்த இரண்டு தளங்களிலும் ஆன்டிவைரஸ் பெயரே இருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இன்னொரு கேள்வி மிச்சம்: எம்சைனர் உண்மையில் ஓடுகிறதா? பிரவுசரின் அழைப்புக்கு அது காத்திருக்கும் போர்ட்டுகளில் ஒன்று 1585. கமாண்ட் பிராம்ப்டில் இதைப் போட்டேன்:

```
netstat -ano | findstr :1585
```

`LISTENING` என்று ஒரு வரி வந்தது. அந்த வரி வராமல் இருந்திருந்தால் நிரலைத்தான் மறுபடி தொடங்கியிருப்பேன், ஆன்டிவைரஸைக் குறை சொல்ல நியாயமில்லை. நிரல் காத்திருக்கிறது, பிரவுசர் போய்ச் சேரவில்லை; நடுவில் மறிப்பவரைத் தேட வேண்டியதுதான்.

அப்புறம் தீர்வு. ஆன்டிவைரஸை நீக்குவது தேவையற்றது. பிரவுசரையே விலக்குப் பட்டியலில் சேர்ப்பதும் தப்பு, எல்லாத் தளங்களுக்கும் கதவு திறந்துவிடும். நான் வலைப் பாதுகாப்பின் விலக்குப் பட்டியலில் 127.0.0.1ஐ மட்டும் சேர்த்தேன். பிழை காட்டிய இரண்டு தளங்களுக்கு விலக்கு கொடுக்கவில்லை. ஆன்டிவைரஸில் பூட்டிய தளங்களைச் சோதிக்கும் வசதியை அணைத்து, மறுபடி இயக்கி, அதன் மூலச் சான்றிதழைப் புதிதாகப் பதிய விட்டேன். பிரவுசரை மூடித் திறந்ததும் தளங்கள் இரண்டும் வந்தன, கையெழுத்துக்கான பின் எண் கேட்கும் பெட்டியும் எழுந்தது.